அனுப்பியது தண்ணித் துவக்கு, கிடைத்தது பிஸ்டல்

🔫

மேலே இருக்கும் எமோஜி உங்கள் திரையில் எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள். அனேகமானோருக்குப் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்ணித் துவக்கு தெரியும். மாமாங்கத் திருவிழாக் கடைகளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த வகை. பழைய அன்ட்ரொயிட் போனில் வாசிப்பவருக்கு அதே இடத்தில் உண்மையான ரிவோல்வர் தெரியக்கூடும். இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்தது ஒன்றேதான்.

மிரட்டல் மெசேஜ் என்று யாராவது போனை நீட்டினால் நாம் முதலில் பார்ப்பது படத்தைத்தான். மெசேஜில் படம் எதுவும் வருவதில்லை. வருவது `U+1F52B` என்ற இலக்கம் மட்டும். "அ" என்ற எழுத்துக்கு ஒரு இலக்கம் இருப்பதுபோல இதற்கும் ஒன்று. அந்த இலக்கம் வந்ததும், பெறுகிற போனோ செயலியோ தன்னிடமுள்ள எழுத்துருவில் அதற்கு என்ன படம் இருக்கிறதோ அதைக் காட்டும். அனுப்பியவர் எதைப் பார்த்து அனுப்பினார் என்ற தகவல் மெசேஜுக்குள் எங்கேயும் இல்லை.

இலக்கத்தை ஒதுக்குவது யூனிகோட் அமைப்பு. ஜப்பானியக் கைத்தொலைபேசி நிறுவனங்களிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த எமோஜிகளை 2010இல் யூனிகோட் 6.0 உள்வாங்கியபோது இதுவும் சேர்ந்தது. அங்கே இதற்கு வைத்த பெயர் `PISTOL`. ஒரு எழுத்துக்கு ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. ஆகவே இன்றைக்கும் பெயர் அதுதான். ஆனால் அந்தப் பிஸ்டலை எப்படி வரைவது என்பது நிறுவனங்களின் விருப்பம். பிரச்சினை தொடங்கியது இந்த இடைவெளியில்தான்.

2016 ஓகஸ்ட் 1ஆம் திகதி அப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 10இல் வரப்போகும் எமோஜிகளை அறிவித்தது. உலோக ரிவோல்வர் இருந்த இடத்தில் பச்சை நிறத் தண்ணித் துவக்கு இருந்தது. அமெரிக்காவில் துப்பாக்கி வன்முறைக்கு எதிரான நியூயோர்க் அமைப்பொன்று, ஐபோனிலிருந்து அந்த எமோஜியை எடுக்கும்படி 2015இலேயே பிரசாரம் நடத்தியிருந்தது. 2016இல் ரைபிள் ஒன்றைப் புதிய எமோஜியாகச் சேர்க்கும் யோசனையும் கைவிடப்பட்டது. அந்தச் சூழலில்தான் இந்த மாற்றம் வந்தது.

அதே வாரம் மைக்ரோசொப்ட் நேர் எதிராக ஒரு காரியம் செய்தது. அதுவரை விண்டோஸில் இருந்தது விண்வெளிக் கதைகளில் வரும் விளையாட்டுத் துவக்கு. அதை எடுத்துவிட்டு உண்மையான ரிவோல்வரைப் போட்டார்கள். மற்ற நிறுவனங்களின் படத்தோடும் பாவனையாளரின் எதிர்பார்ப்போடும் பழைய படம் ஒத்துப்போகவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். எல்லோரோடும் ஒத்துப்போக விரும்பி மாற்றியவர்கள், மாற்றிய கையோடு அப்பிளுக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். சிரிப்பு வரலாம். ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல நோக்கத்தோடு ஒருவர் மட்டும் படத்தை மாற்றினால், மற்றவர்களோடு பேசுகிற இடத்தில் அது பிழையான தகவலாகிவிடும். எமோஜிபீடியா தளத்தை நடத்திய ஜெரமி பேர்ஜ் அப்போதே இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி அப்பிளைப் பொறுக்கச் சொன்னார். அப்பிள் பொறுக்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருடம் என்ன நடந்திருக்கும் என்பதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். 2017இல் கல்முனையில் ஒரு பொடியன் ஐபோனிலிருந்து சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புகிறான் என்று வையுங்கள்:

"நாளைக்கு கிரவுண்டுக்கு வா மச்சான், உனக்கு இரிக்கி 🔫"

அவன் திரையில் தண்ணித் துவக்கு. கிரிக்கெட் முடிந்து தண்ணீர் அடித்து விளையாடுகிற பகிடி. அக்கரைப்பற்றில் அதைப் பெறுகிற மச்சானிடம் சாம்சங் போன். அவன் திரையில் உலோகப் பிஸ்டல். "உனக்கு இரிக்கி" என்ற வார்த்தை தண்ணித் துவக்குக்குப் பக்கத்தில் இருந்தால் செல்லச் சண்டை, பிஸ்டலுக்குப் பக்கத்தில் இருந்தால் வேறு கதை. துவக்கு என்றால் என்னவென்று வீட்டு வாசலில் கண்ட தலைமுறையின் பிள்ளைகள் வாழும் ஊர் இது. அந்தப் போனை வாப்பா எடுத்துப் பார்த்தால் அவருக்குப் பகிடி தோன்றாது. இரண்டு பொடியன்களும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் தங்கள் திரையில் கண்டதையே சொல்வார்கள்.

நான் எஸ்எம்எஸ் உதாரணத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. போனின் எஸ்எம்எஸ் செயலி பொதுவாகப் போனின் சொந்த எழுத்துருவையே பாவிக்கும். அன்ட்ரொயிட் போன்களில் வட்ஸ்அப் தன் சொந்தப் படங்களைக் காட்டும். அதனால் ஒரே போனில் ஒரே எமோஜி எஸ்எம்எஸ்ஸில் ஒரு மாதிரியும் வட்ஸ்அப்பில் இன்னொரு மாதிரியும் தெரியலாம். "என்ர போனில இது தண்ணித் துவக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால், எந்தச் செயலியில் என்று கேளுங்கள்.

2018இல் மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அப்பிளின் பக்கம் வந்தன. பெப்ரவரியில் சாம்சங். ஏப்ரலில் ட்விட்டரும் கூகுளும் அறிவித்தன. வட்ஸ்அப், பேஸ்புக், மைக்ரோசொப்ட் என அந்த வருடத்திலேயே பெரிய நிறுவனங்கள் எல்லாம் மாறின. அமெரிக்காவில் பாக்லண்ட் பாடசாலைத் துப்பாக்கிச் சூடு அந்தப் பெப்ரவரியில்தான் நடந்தது. ஆனால் அந்தக் கவலையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கணிப்பு. பாதிப் பேர் விளையாட்டுத் துவக்கு காட்டும்போது மீதிப் பேர் ரிவோல்வர் காட்டினால், தங்கள் பாவனையாளர்தான் தவறாக விளங்கப்படுவார். அந்த நெருக்குதலும் சேர்ந்துதான் எல்லோரையும் ஒரே படத்துக்குக் கொண்டுவந்தது.

அறிவித்தவுடன் எல்லாப் போனும் மாறிவிடாது. கூகுளின் புதிய படம் அன்ட்ரொயிட் 9உடன் வந்தது. இயங்குதளம் புதுப்பிக்கப்படாத பழைய போனில் ரிவோல்வர் அப்படியே இருக்கும். கைமாறி வந்த போன் உங்களிடம் இருந்தால், அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குள் போய் அன்ட்ரொயிட் பதிப்பைப் பாருங்கள்.

இதன் மறுபக்கம் கொஞ்சம் சிக்கலானது. சேமித்து வைத்திருப்பதும் வெறும் இலக்கம்தான் என்பதால், படம் மாறும்போது பழைய மெசேஜ்களும் சேர்ந்து மாறிவிடும். பிரான்ஸில் வலன்ஸ் நகர நீதிமன்றம் 2016இல் 22 வயது இளைஞர் ஒருவருக்கு மூன்று மாதச் சிறை விதித்தது. பழைய காதலிக்கு அனுப்பிய மெசேஜில் இந்த எமோஜி இருந்தது. படத்தின் வடிவில் விடுத்த கொலை மிரட்டல் என்று நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. அந்த மெசேஜையே ஒரு வருடம் கழித்து ஐஓஎஸ் 10 போட்ட ஐபோனில் திறந்தால் அங்கே பச்சைத் தண்ணித் துவக்கு இருக்கும். அந்தப் பெண் கண்டது அதுவல்ல.

ஆகவே மிரட்டல் என்று ஒரு மெசேஜை வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, எந்தப் போனில் அது வந்ததோ அந்தப் போனிலேயே ஸ்கிறீன்ஷொட் எடுப்பது. வழக்கமாக நடக்கிற பிழை, அண்ணாவுக்கோ மாமாவுக்கோ மெசேஜை ஃபோர்வேட் பண்ணி, அவர் தன் போனில் ஸ்கிறீன்ஷொட் எடுத்துக் கொண்டுபோவது. அந்தப் படம் காட்டுவது மாமாவின் போனில் உள்ள துவக்கை. ஸ்கிறீன்ஷொட் எடுக்கும்வரை அந்தப் போனைப் புதுப்பிக்கவும் வேண்டாம், கடையில் கொடுத்து சொப்ட்வெயார் அடிக்கவும் வேண்டாம். போனின் மொடல், இயங்குதளப் பதிப்பு, செயலியின் பெயர், திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். எமோஜிக்கு முன்னும் பின்னும் உள்ள மெசேஜ்களும் படத்தில் விழ வேண்டும். மெசேஜை அழிக்க வேண்டாம். அனுப்பியவரின் போனில் அது எப்படித் தெரிந்தது என்பதைப் பார்க்கக் கிடைத்தால் அதையும் படமாக்குவது நல்லது. பகிடியாக அனுப்பியவரைக் காப்பாற்றுவதும் அந்தப் படம்தான்.

வந்தது இந்த எழுத்துத்தானா என்று சந்தேகம் இருந்தால், மெசேஜில் உள்ள எமோஜியைக் கொப்பி பண்ணி, கீழே ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை எடுத்துவிட்டு அங்கே ஒட்டி, பைதன் உள்ள கணினியில் இப்படிப் பார்க்கலாம்:

```
python3 -c "print(hex(ord('🔫')))"
```

`0x1f52b` என்று விடை வந்தால் இதே எழுத்துத்தான். ஆனால் அது அன்றைக்கு எப்படித் தெரிந்தது என்பதை இந்த விடை சொல்லாது.

படம் விளையாட்டுத் துவக்காகிவிட்டதால் மிரட்டல் இல்லாமல் போய்விடாது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 483ஆம் பிரிவு, குற்றமுறையான பயமுறுத்தலைத் தீர்மானிக்கும்போது, ஒருவருக்குப் பீதியை உண்டாக்கும் நோக்கம் இருந்ததா என்பதையும் பார்க்கிறது. ஒரு பெண்ணின் படத்தின் கீழே, பிரிந்துபோன ஒருவர் நாளாந்தம் தண்ணித் துவக்கு போட்டுக்கொண்டிருந்தால் அது பகிடி ஆகாது. கொஞ்சம் வரிசையையும் கவனியுங்கள். பெரும்பாலான தளங்களில் குழல் இடப்பக்கம் பார்க்கும். ஆகவே 👮🔫 என்று வந்தால் பொலிஸ்காரரைக் குறிவைத்தது போலிருக்கும், 🔫👮 என்று வந்தால் அப்படித் தோன்றாது.

2018க்குப் பிறகு இந்தக் குழப்பம் அனேகமாக அடங்கியிருந்தது. 2024 ஜூலையில் எக்ஸ் தளம், அதாவது பழைய ட்விட்டர், தன் படத்தைத் திரும்ப உண்மையான பிஸ்டலாக்கியது. இன்றைக்குக் கணினி உலாவியில் எக்ஸில் பிஸ்டலாகத் தெரியும் ஒரு பதிவைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப் குழுவில் போட்டால், அங்கே தண்ணித் துவக்காகி நிற்கும். குழுவில் உள்ளவர்கள் "இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்பார்கள். எக்ஸ் பதிவு ஒன்றைப் பற்றி முறைப்பாடு செய்வதானால் எழுத்தைக் கொப்பி பண்ணாமல், பதிவின் இணைப்பையும் அந்தத் திரையின் ஸ்கிறீன்ஷொட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.