இயல்நிலைப் பரவல் எங்கே வேண்டும்? ஒரு நண்டுக் கணக்கு

போன வாரம் தொண்டிப் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் வந்தார். கையில் திருத்தச் சொல்லித் திரும்பி வந்த ஆய்வேடு. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: “தரவு இயல்நிலைப் பரவலில் இல்லை, டி-சோதனை செல்லாது.” இந்த ஆண்டில் இதே வரியோடு என்னிடம் வரும் நான்காவது ஆள் இவர். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வெயிலில் நின்று அளந்து வந்த பிள்ளைகளின் உழைப்பு, தவறாகப் புரிந்துகொண்ட ஒரு விதியால் வீணாகிறது. இனியும் வாய்மூடி இருக்க மனம் வரவில்லை.

அவருடைய கணக்கு சிக்கலானதல்ல. கரையோரம் கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத இடத்தில் 60 நீலக்கால் நண்டுகள், வெளியே ஆழமான இடத்தில் 60 நண்டுகள். ஒவ்வொன்றின் ஓட்டு அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்திருந்தார். கரையோரச் சராசரி 122, ஆழத்துச் சராசரி 146, இரண்டிலும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 8. (எண்களைக் கணக்கு எளிதாகும்படி முழுமையாக்கியிருக்கிறேன்.) இரண்டு இடங்களுக்கும் அகலத்தில் எவ்வளவு வேறுபாடு என்பதுதான் கேள்வி.

அவர் என்ன செய்தார் என்றால், 120 அளவுகளையும் ஒரே வரிசையில் கொட்டி, இயல்நிலையைச் சோதிக்கும் ஷபிரோ-வில்க் சோதனை போட்டார். பி-மதிப்பு 0.001க்கும் கீழே வந்தது. உடனே டி-சோதனையைக் கைவிட்டு, அளவுகளின் தரவரிசையை மட்டும் பார்க்கும் மான்-விட்னி சோதனைக்குப் போனார். அதிலும் “வேறுபாடு உண்டு” என்றுதான் வந்தது. ஆனால் எத்தனை மில்லிமீட்டர் என்ற விடை ஆய்வேட்டில் எங்கும் இல்லை. எந்த அளவு நண்டு எங்கே கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே இந்த ஆய்வே?

“தம்பி, இந்த 120 நண்டும் ஒரே கூட்டமா?” என்று கேட்டேன்.

“இல்லை சார், இரண்டு இடம்.”

“அப்படியானால் ஏன் ஒன்றாகக் கொட்டினீர்கள்?”

“தரவு இயல்நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள் சார்.”

தவறு அந்தச் சொல்லிக் கொடுத்ததில்தான் இருக்கிறது. ஒன்றாகக் கொட்டிய தரவு இயல்நிலையில் இருக்க வேண்டும் என்று இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் டி-சோதனை ஒருபோதும் கேட்பதில்லை. 122ஐச் சுற்றி ஒரு கூட்டம், 146ஐச் சுற்றி ஒரு கூட்டம் என்றால், சேர்த்துப் பார்க்கும்போது இரண்டு திமில் தெரியத்தான் செய்யும். அந்த இரண்டு திமில்தான் அவர் தேடிப் போன விடை. இடத்துக்கு இடம் வேறுபாடு பெரிதாக இருக்க இருக்க, கொட்டிய தரவு இயல்நிலையிலிருந்து மேலும் விலகும். இந்தத் தவறான விதிப்படி நடந்தால், வேறுபாடு நன்றாகத் தெரியும் ஆய்வுகளே முதலில் தள்ளுபடி ஆகும்.

பார்க்க வேண்டியது எச்சங்களை. ஒவ்வொரு நண்டின் அகலத்திலிருந்தும் அதனுடைய இடத்தின் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம். கரையோரத்தில் 130 இருந்தால் எச்சம் 8. ஆழத்தில் 140 இருந்தால் எச்சம் கழித்தல் 6. இந்த 120 எச்சங்களுக்குத்தான் கியூ-கியூ வரைபடம் போட வேண்டும். ஆர் மென்பொருளில் மூன்று வரி:

```
m <- lm(akalam ~ idam, data = nandu)
e <- resid(m)
qqnorm(e); qqline(e)
```

படம் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சொல்கிறேன். எச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறோம். 120ல் முதல் ஆளுக்கு 0.5/120, அதாவது 0.0042 என்ற இடம். இயல்நிலைப் பரவலில் அந்த இடத்தில் நிற்கும் எண் −2.64. திட்டவிலக்கம் 8 என்பதால், மிகச் சிறிய எச்சம் −21 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மாணவரின் தரவில் அது −19. எதிர்பார்த்த இடம் கிடை அச்சில் −2.64 என்று நிற்கும், கிடைத்தது நெடு அச்சில் −19 என்று நிற்கும். இப்படி 120 புள்ளிகள். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒத்துப்போனால் புள்ளிகள் கோட்டின் மேல் உட்காரும்.

அவருடைய எச்சங்கள் உட்கார்ந்தன. கொட்டிய தரவுக்குப் போட்ட படத்தில் இடது நுனி கோட்டுக்கு மேலும் வலது நுனி கோட்டுக்குக் கீழும் வளைந்து, நடுவில் செங்குத்தாக ஏறியிருந்தது. இரண்டு கூட்டம் கலந்ததற்கு அதுதான் அடையாளம். எச்சப் படத்தில் அந்த வளைவு இல்லை. வேறுபாடு 24 மில்லிமீட்டர், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 21 முதல் 27 வரை. மீனவருக்கும் அதிகாரிக்கும் சொல்லக்கூடிய விடை இது. (இந்த விடைக்கு ஒரு குறை உண்டு, பின்னால் வருகிறேன்.)

நுனிப் புள்ளிகள் கொஞ்சம் ஆடினால் பதறாதீர்கள். நுனிகள் எப்போதும் ஆடும். எவ்வளவு ஆட்டம் சாதாரணம் என்று கண்ணுக்குப் பழக்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான இயல்நிலைப் பரவலிலிருந்து எட்டுப் படங்கள் உண்டாக்கி, நடுவே உங்கள் படத்தை ஒளித்து வையுங்கள்.

```
par(mfrow = c(3, 3))
k <- sample(9, 1)
for (i in 1:9) {
  y <- if (i == k) e else rnorm(length(e), sd = sd(e))
  qqnorm(y, main = i); qqline(y)
}
```

பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, “இதில் எது வித்தியாசமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். அவரால் உங்கள் படத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், கவலைப்படும் அளவுக்கு விலகல் கண்ணில் படவில்லை என்று பொருள். ஷபிரோ-வில்க் பி-மதிப்பை விட இதை நான் நம்புகிறேன். அந்தச் சோதனை எட்டுப் படகுத் தரவில் பெரிய கோணலையும் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டாயிரம் நண்டு அளந்தால், அளவை ஐந்து ஐந்தாக முழுமையாக்கி எழுதியதற்கே இயல்நிலை இல்லை என்று சொல்லிவிடும். அப்படி முழுமையாக்கியது படத்தில் படிக்கட்டாகத் தெரியும், பார்த்தவுடன் காரணம் புரியும். 1965ல் ஷபிரோவுடன் சேர்ந்து அந்தச் சோதனையைத் தந்த அதே மார்ட்டின் வில்க், 1968ல் ஞானதேசிகனுடன் சேர்ந்து இந்தப் படம் வரையும் முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நம் துறைகளில் முதலாவது மட்டும் பரவி, இரண்டாவது பரவாமல் போனது எனக்குத் தீராத வருத்தம்.

இன்னொன்று. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் வரையும் படத்தில் கிடைத்த மதிப்பு கிடை அச்சிலும் எதிர்பார்த்தது நெடு அச்சிலும் இருக்கும். ஆரில் மேல்நோக்கி வளைவது அங்கே கீழ்நோக்கி வளையும். அச்சின் பெயரைப் படிக்காமல் வளைவுக்கு விளக்கம் எழுதாதீர்கள்.

இயல்நிலை எப்போதுமே பொருட்டல்ல என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிர் போகும் அளவுக்குப் பொருட்டாகும் இடமும் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. ஒரு மீனவர் குழுவின் கணக்கர், நண்டு வலைக்குப் போகும் வள்ளங்களின் 200 நாள்பாட்டை, அதாவது ஒரு நாளில் கிடைத்த நண்டின் எடையை, எழுதி வைத்திருந்தார். சராசரி 14 கிலோ, திட்டவிலக்கம் 12. கடன் தவணையை முடிவு செய்வதற்காக, “ஒரு பாட்டுக்குக் குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு கிடைக்கும்?” என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சராசரியோடு திட்டவிலக்கத்தின் 1.96 மடங்கைக் கூட்டியும் கழித்தும் எழுதியிருந்தார். கீழ் எல்லை கழித்தல் 9.5 கிலோ. வலையைக் கடலில் போட்டு, நண்டைக் கடலுக்கே கொடுத்துவிட்டு வந்ததாகக் கணக்கு. மேல் எல்லை 37.5.

அந்தத் தரவின் கியூ-கியூ படம் கிண்ணம் போல வளைந்திருந்தது. இரண்டு நுனியும் கோட்டுக்கு மேலே. பெரும்பாலான நாள் சிறு பாடு, சில நாள் பெரும் பாடு என்னும் வலப்பக்கச் சாய்வு அது. மடக்கை எடுத்துப் போட்டதும் புள்ளிகள் கோட்டில் அமர்ந்தன. மடக்கை அளவில் எல்லைகளைக் கணக்கிட்டுத் திரும்பக் கிலோவுக்குக் கொண்டுவந்தால் 2.5 முதல் 45.5 வரை. தவணை கட்டும் குடும்பத்துக்கு இந்த இரண்டு கணக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே தரவில் சராசரிப் பாடு எவ்வளவு என்று மட்டும் கேட்டால், வளைந்த படம் எந்தத் தடையும் இல்லை. 200 பாட்டின் சராசரிக்குத் திட்டப்பிழை 0.85 கிலோ, 12.3 முதல் 15.7 வரை என்று தாராளமாகச் சொல்லலாம். தனித்தனிப் பாடு கோணலாக இருந்தாலும் 200 பாட்டின் சராசரி கோணலாக நடந்துகொள்ளாது. எட்டுப் பாடுதான் கையில் இருக்கிறது என்றால் இந்தத் தைரியம் எனக்கு வராது. ஆகவே படம் வளைந்திருக்கிறதா என்று கேட்பதற்கு முன், கேட்பது சராசரியையா, தனி ஒரு பாட்டையா என்று முடிவு செய்யுங்கள். தனிப் பாட்டைப் பற்றிச் சொல்லும்போது பரவலின் உருவம் அப்படியே விடைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மடக்கை எடுப்பவர்களுக்கு ஒரு கெஞ்சல். மடக்கைச் சராசரியைத் திருப்பினால் இந்தத் தரவில் 10.6 கிலோ வரும். அது வரிசையில் நடுவில் நிற்கும் இடைநிலைப் பாடு, சராசரி அல்ல. நூறு பாட்டுக்கு ஐஸும் கூடையும் ஏற்பாடு செய்பவர் 10.6ஐ நூறால் பெருக்கினால் 1,060 கிலோ. வந்து சேர்வது 1,400 கிலோவுக்குப் பக்கத்தில். வெறும் வலையோடு திரும்பிய நாட்களுக்கு மடக்கையே கிடையாது. தயவுசெய்து ஒன்றைக் கூட்டி மடக்கை எடுக்காதீர்கள். வெறும் பாடு எத்தனை நாள் என்பதைத் தனியாக எண்ணிச் சொல்லுங்கள்.

இப்போது மாணவரின் இடைவெளியில் உள்ள குறை. எச்சப் படம் நேராக வந்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. நான் இன்னொரு கேள்வி கேட்டேன்: “இந்த நண்டுகள் எத்தனை வள்ளத்திலிருந்து வந்தன?” ஓர் இடத்துக்கு ஐந்து வள்ளம், வள்ளத்துக்குப் பன்னிரண்டு நண்டு. ஒரே நாள், ஒரே வலைக்கண், ஒரே திட்டில் விழுந்த பன்னிரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவை பன்னிரண்டு தனிச் சாட்சிகள் ஆகா. வள்ளவாரிச் சராசரி எடுத்துப் பார்த்தபோது அவற்றின் திட்டவிலக்கம் 5. அதை வைத்து இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து எண்ணாகக் கணக்கிட்டால் வேறுபாடு அதே 24. ஆனால் இடைவெளி 17 முதல் 31 வரை அகன்றுவிடுகிறது. இதைக் கியூ-கியூ படம் காட்டாது. புள்ளிகளை அடுக்கும்போது எது எந்த வள்ளம் என்பதே அழிந்துபோகிறது. ஆய்வேட்டின் ஓரத்தில் சிவப்பு மை விழுந்திருக்க வேண்டிய இடம் இதுதான். அதைப் பற்றி ஒரு சொல்கூட அங்கே இல்லை.

அவருடைய நோட்டில் வள்ளத்தின் எண் இருந்தது. கணினியில் ஏற்றும்போது தேவையில்லை என்று விட்டிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார். இனி அளக்கப் போகிறவர்கள் வள்ளம், நாள், வலைக்கண் மூன்றுக்கும் தாளில் கட்டம் போட்டுக்கொண்டு இறங்குதளத்துக்குப் போங்கள்.