விற்பனைப் பந்தலிலிருந்து வங்கி மேசைக்கு: படவில்லைகளின் குரலை ஒன்றாக்கும் முறை

யாழ்ப்பாணத்தில் பனாட்டும் புழுக்கொடியலும் விற்கும் ஒரு சிறு நிறுவனம், நல்லூர்த் திருவிழாக் காலத்து விளம்பரப் படவில்லைகளைக் கொண்டே வங்கிக் கடனுக்கான முன்வைப்பைத் தயாரிக்கிறது என்று கொள்வோம். முதற் படவில்லை, “எங்கட பனாட்டை ஒருக்காச் சாப்பிட்டுப் பாருங்கோ, பிறகு சொக்லேட்டைத் தேடமாட்டியள்!” என்கிறது. ஆறாவது படவில்லையில், “மூலப்பொருட் கொள்வனவு பருவகாலத்தில் மேற்கொள்ளப்படுகிறது” என்று கணக்காளர் எழுதியிருக்கிறார். தனித்தனியே இரண்டிலும் குறையில்லை. அடுத்தடுத்து வாசிக்கும் வங்கி அலுவலருக்கோ, இரண்டு நிறுவனங்கள் பேசுவதுபோலத் தோன்றும்.

தமிழில் இந்த முரண் உடனே புலப்படுவதற்கு இலக்கணமே காரணம். வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், “பாருங்கோ”, “பாருங்கள்”, “பார்க்கவும்” என்ற விகுதிகள், பேசுபவர் எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்பதை ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் அறிவித்துவிடுகின்றன. ஆகவே திருத்தத்தை வினைமுற்றுகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஆனால் விகுதியை மட்டும் மாற்றினால் நம்பிக்கை பிறந்துவிடாது. பயனர் அனுபவத்தை ஆராயும் நிறுவனமான நீல்சன் நோர்மன் குழுமம் 2016இல் வெளியிட்ட பகுப்பு, எழுத்தின் தொனியை நான்கு அளவுகோல்களாகப் பிரிக்கிறது: முறைமையா இயல்பா, தீவிரமா நகைச்சுவையா, மரியாதையா துடுக்கா, உற்சாகமா நிதானமா என்பன அவை. ஒன்றை நகர்த்தும்போது மற்ற மூன்றும் கூடவே நகரவேண்டியதில்லை. வங்கிக்காக முறைமையைக் கூட்டி நகைச்சுவையைக் குறைக்கலாம். தன் பண்டத்தின் மீது நிறுவனத்துக்குள்ள உற்சாகத்தை அப்படியே விட்டுவைக்கலாம்.

இப்படிப் பார்த்தால் முதல் வாக்கியம், “பனங்களியை வெயிலில் உலர்த்தி, சீனி சேர்க்காமல் எங்கள் பனாட்டைச் செய்கிறோம், ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்” என்றாகும். கேலி போன இடத்தில் சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி வந்திருக்கிறது. அழைப்பு மட்டும் மாறவில்லை. கணக்காளரின் வாக்கியத்துக்கு எதிர்த்திசையில் திருத்தம் தேவை. “மேற்கொள்ளப்படுகிறது” என்னும் செயப்பாட்டுவினை, செய்பவர் யார் என்பதை மறைத்துவிடுகிறது. கடன் கேட்கும் இடத்தில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே படும் என்பது என் கருத்து. “பனம்பழம் விழும் பருவத்திலேயே ஆண்டுக்குத் தேவையான பழத்தை வாங்கிவிடுகிறோம்” என்றால் முறைமையும் குறையாது, ஆளும் தெரிவார். இப்போது இரு வாக்கியங்களும் “செய்கிறோம்”, “வாங்கிவிடுகிறோம்” என ஒரே தன்மைப் பன்மையில் பேசுகின்றன.

கடனைத் திருப்பிச் செலுத்தும் அட்டவணையுள்ள படவில்லையில் சிறு பகிடியும் வேண்டாம். வாசிப்பவர் இழப்பைக் கணக்கிடும் இடத்தில் சிரிப்பு மூட்டினால், எதையோ மூடிமறைப்பதாக அவர் ஐயுறக்கூடும்.

சரிபார்ப்பதற்கு, பவர்பொயின்ட்டின் `Outline View` பகுதியில் படங்களில்லாமல் வாக்கியங்களை மட்டும் மேலிருந்து கீழாக உரக்க வாசிக்கலாம். குரல் மாறும் இடத்தில் நாக்கு தடுக்கும். ஆயினும் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் உரிய இடங்களில் எழுதியவை மட்டுமே அங்கே தெரியும். தனியே செருகிய எழுத்துப் பெட்டிகளும் வரைபடக் குறிப்புகளும் அதில் வருவதில்லை. விழாக்கால வாசகங்கள் பெரும்பாலும் அத்தகைய பெட்டிகளிலேயே தங்கிவிடுவதால், அவற்றை ஒவ்வொரு படவில்லையாகத் திறந்தே பார்க்கவேண்டும்.