சாம்பார் கறை, வெங்காயச் சருகு, அவுரி: பருத்தியில் நிறம் தங்கும் விதம்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தினால் மஞ்சள் கறை விழும். அதன்மேல் சோப்பைத் தேய்த்த உடனே கறை செக்கச் சிவந்துவிடும். பதறிப்போய் அலசினால் மறுபடி மஞ்சளாகும். அதே சட்டையை மொட்டைமாடியில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டுவைத்தால் கறை இருந்த இடமே தெரியாது. மஞ்சளால் துணிக்குச் சாயமேற்ற நினைப்பவர் அறிய வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கறையிலேயே இருக்கிறது.

பழைய பருத்தி வேட்டி ஒன்றைக் கிழித்து, துண்டுக்கு 100 கிராம் எடை வருமாறு பிரித்து, மஞ்சள், வெங்காயச் சருகு, அவுரி மூன்றிலும் முக்கிப் பார்த்தேன். சாயக் கணக்கு எல்லாமே துணியின் உலர்ந்த எடையை வைத்துத்தான் போடப்படும். 100 கிராம் என்றால் கணக்கு எளிது.

சாயத்துக்கு முன் துணியை வேகவைக்க வேண்டும். பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. நெசவின்போது ஏற்றிய கஞ்சியும் ஒட்டியிருக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, 10 கிராம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். வெள்ளையாகத் தெரிந்த வேட்டியிலிருந்து நீர்த்த டீயின் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. துணி வெந்துவிட்டதா என்று அறிய, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சொட்டு உருண்டு நிற்காமல் உடனே உள்ளே போனால் சரி. இந்த வேலையில் சோம்பல்பட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது.

முதல் துண்டு மஞ்சளுக்கு. 25 கிராம் மஞ்சள்தூளை நீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, துணியைப் போட்டு மிதமான சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்தேன். வேறு எந்தப் பொருளும் சேர்க்கவில்லை. அலசிய பிறகும் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நின்றது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் நீளமான, தட்டையான மூலக்கூறு. பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியை ஒட்டிப் படுத்துக்கொள்ள அந்த வடிவம் வாகாக இருக்கிறது. அதனால்தான் எந்தத் துணையும் இல்லாமல் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பிடி பலவீனமானது. காரத்தன்மை பட்டால் குர்குமின் சிவக்கும். ஆலம் சுற்றும் தட்டில் மஞ்சள்நீரோடு சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பு வருவது இதனால்தான். எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகிவிடும். ஆகவே சோப்பில் சிவந்ததற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒளி பட்டால் குர்குமின் மூலக்கூறே உடைந்துபோகிறது. உடைந்தது திரும்ப ஒட்டாது. துண்டின் பாதியை அட்டையால் மூடி வெயிலில் வைத்தேன். ஒரு வாரத்தில் திறந்திருந்த பாதி பழைய தாளின் நிறத்துக்கு வந்துவிட்டது. படிகாரம் சேர்த்தால் மஞ்சள் நிலைத்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். சாயல் சற்று மாறுகிறதே தவிர, வெயிலுக்கு முன்னால் பெரிய வித்தியாசம் இல்லை.

வெங்காயச் சருகின் கதை நேர் எதிர். அதிலுள்ள முக்கிய நிறப்பொருள் குவெர்செட்டின். அது தானாகப் பருத்தியைப் பிடிக்காது. வெறும் துணியைச் சருகு வடிநீரில் முக்கினால் மங்கிய பழுப்பு ஏறி, இரண்டு சலவையில் பெரும்பாலும் போய்விடும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். உலோக உப்புதான் அந்தத் தரகர். ஆனால் பருத்தி படிகாரத்தையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. கம்பளியும் பட்டும் புரத இழைகள், அவை படிகாரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. ஆகவே தரகருக்கும் ஒரு தரகர் தேவைப்படுகிறது. அதுதான் கடுக்காய். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் பருத்தியைப் பிடிக்கும், படிகாரத்திலுள்ள அலுமினியம் துவர்ப்பைப் பிடிக்கும், குவெர்செட்டின் அலுமினியத்தைப் பிடிக்கும்.

20 கிராம் கடுக்காய்த் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, துணியை இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் அலசாமல் பிழிந்தபோது துணி வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பிறகு 15 கிராம் படிகாரத்தையும் 2 கிராம் சலவைச் சோடாவையும் தனித்தனியே சுடுநீரில் கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நுரை பொங்கி அடங்கும். சோடா சேர்ப்பது படிகாரத்தின் புளிப்பைக் குறைத்து, அலுமினியம் துணியில் படிவதை எளிதாக்குகிறது. அதில் சில மணி நேரம் ஊறிய பிறகு துணி சாயத்துக்குத் தயார்.

சருகு 100 கிராம் வேண்டும். எழுதும்போது சிறிய எண்தான். ஆனால் வெங்காயச் சருகுக்கு எடையே கிடையாது. ஒரு பெரிய பை நிறையச் சேர்ந்தால்தான் 100 கிராம். காய்கறிக் கடையில் சாக்கின் அடியில் கிடப்பதைக் கேட்டு வாங்கியதில் ஒரே நாளில் கிடைத்தது. முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடித்த நீர் கருஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துத் துணியும் ஊதா கலந்த சிவப்பாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வெங்காயத் தோலின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற வேறொரு பொருளால் வருவது. சூட்டையும் காரத்தையும் அது தாங்காது, துணியிலும் நிற்காது. நிற்பது குவெர்செட்டின் தரும் மஞ்சள்தான். கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டு எடுத்தபோது துணி பழைய பித்தளைப் பாத்திரத்தின் பொன்னிறத்தில் இருந்தது.

அந்தத் துண்டில் பாதியை வெட்டி, 1 கிராம் அன்னபேதி கரைத்த வெந்நீரில் முக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னிறம் இருண்டு, ஆலிவ் பச்சையாகி, சேற்றுப் பழுப்பை நோக்கிப் போனது. அன்னபேதி என்பது இரும்பு உப்பு. குவெர்செட்டினோடு சேர்ந்தால் பச்சை கலந்த பழுப்பு, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்தால் கரும்சாம்பல். இரண்டும் ஒரே துணியில் நடக்கின்றன. எவ்வளவு குறைவாகப் போட முடியுமோ அவ்வளவு குறைவாகப் போட வேண்டும். இரும்பு கூடினால் நாளடைவில் பருத்தி இற்றுப்போகும்.

அவுரி இந்த இரண்டு வழியிலும் வராது. அவுரி இலையில் நீலமே கிடையாது. நிறமற்ற ஒரு சர்க்கரைச் சேர்மம்தான் இருக்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. அறுத்த செடியைத் தொட்டியில் ஏறத்தாழ அரை நாள் ஊறவைப்பார்கள். இலையிலுள்ள நொதி அந்தச் சேர்மத்தைப் பிளந்து, பசுமஞ்சள் நீரில் இண்டாக்சிலை விடுவிக்கும். பிறகு அந்த நீரை மணிக்கணக்கில் அடித்துக் கலக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரண்டிரண்டு இண்டாக்சில் இணைந்து நீலமாகி அடியில் படியும். அதை வடித்துக் காய்ச்சி, அழுத்தி, வில்லைகளாகக் காயவைத்தால் கடைச்சரக்கு.

இந்த நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. கரையாததை இழைக்குள் எப்படிச் செலுத்துவது? வேதியியலில் குறைத்தல் எனப்படும் வினையால், காரநீரில் கரையும் மஞ்சள் நிற வடிவத்துக்குத் தற்காலிகமாக மாற்றுவதுதான் வழி. துணிக்குள் புகுந்தபின் காற்று பட்டால் அது மறுபடி கரையாத நீலமாகி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முன்பு தென்னிந்தியச் சாயக்காரர்கள் அவுரித் தாழியில் சுண்ணாம்போடு வேகவைத்த தகரை விதையைச் சேர்த்துப் புளிக்கவைத்தார்கள். நுண்ணுயிர்கள் அந்த மாற்றத்தைச் செய்தன. தாழி கிளம்ப நாட்கள் ஆகும், நாற்றமும் உண்டு. வீட்டில் செய்பவர்களுக்கு 1, 2, 3 என்ற கணக்கு எளிது. நீலம் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்புத் தூள் இரண்டு பங்கு, பழச்சர்க்கரையான பிரக்டோஸ் மூன்று பங்கு.

20 கிராம் நீலத்தைக் கூழாங்கற்களோடு பாட்டிலில் போட்டு, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கினேன். இல்லாவிட்டால் தூள் நனையாமல் மிதக்கும். கையுறை போட்டுக்கொண்டு 60 கிராம் பிரக்டோஸ், பிறகு 40 கிராம் சுண்ணாம்பு என்று 10 லிட்டர் வாளியில் கலந்து, கைபொறுக்காத சூட்டில் வைத்தேன். கையுறை அவசியம், சுண்ணாம்பு தோலை அரித்துவிடும். முதல் முறை பிரக்டோசுக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை போட்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன். வாளி நீலமாகவே இருந்தது. சாதாரணச் சர்க்கரைக்கு அந்தக் குறைக்கும் திறன் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. நன்கு கனிந்த வாழைப்பழத்தை வேகவைத்து வடித்த நீர் வேலை செய்யும், ஏனென்றால் அதில் குளுக்கோசும் பிரக்டோசும் உண்டு.

வாளி தயாரா என்பதைக் கண்ணாலேயே சொல்லலாம். மேலே செம்பு மினுமினுப்புள்ள ஏடு படரும், நடுவில் நீல நுரை திரளும். ஏட்டை விலக்கிக் கரண்டியில் எடுத்தால் உள்ளே நீர் நீலமாக இருக்காது, தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். நீலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பிரக்டோஸ் வேண்டும், அல்லது சூடு போதவில்லை.

ஈரத் துணியைக் குமிழி எழாமல் மெதுவாக இறக்கி, அடியில் படிந்த சுண்ணாம்பில் படாமல் மூன்று நிமிடம் வைத்து எடுத்தேன். வெளியே வரும்போது பசுமஞ்சள். ஒவ்வொரு மடிப்பாக அது பச்சையாகி, பின் நீலமாவதைப் பார்க்க எத்தனை முறையானாலும் அலுப்பதில்லை. ஒரு முக்கு வெளிர்ந்த வான நிறம் தரும். மூன்று நான்கு முக்கில் பள்ளிச் சீருடையின் நடுநீலம். எட்டுக்கு மேல் போனால்தான் கருநீலம். அவசரப்பட்டு அடர்த்தியான வாளியில் ஒரே முக்கில் கருநீலத்தை எடுக்கப் பார்த்தால், நீலம் இழையின் மேற்பரப்பில் மட்டும் குவிந்து, காய்ந்தபின் கையிலும் நாற்காலியிலும் ஒட்டும். நீர்த்த வாளியில் பல முக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்று என்று போனால் இந்தத் தொல்லை குறையும். ஆனாலும் நீலம் நூலின் நடுவரை எளிதில் போவதில்லை. ஜீன்ஸ் துணி முழங்காலில் வெளுப்பதற்கும் அதுதான் காரணம், தேய்ந்ததும் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கிறது. கடைசியில் வினிகர் கலந்த நீரில் அலசி, சுண்ணாம்பின் காரத்தைப் போக்க வேண்டும்.

மூன்று செடியிலும் பச்சை கிடையாது. நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றித்தான் அதைப் பெற வேண்டும். அந்த வரிசையை மாற்றினால், சுண்ணாம்பு வாளிக்குள் போன மஞ்சள் துணி சிவந்துவிடும். ஒரே மூச்சில் நடுநீலமாக்கிய இரண்டு துண்டுகளில் ஒன்றை மஞ்சள்தூளிலும், மற்றொன்றைக் கடுக்காய், படிகாரம் ஏற்றி வெங்காயச் சருகிலும் முக்கினேன். மஞ்சள் ஏறியது இளங்கிளிப் பச்சை, பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். சருகில் முக்கியது மங்கலான பாசிப் பச்சை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டையும் பால்கனிக் கொடியில் மாட்டினேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது பாசிப் பச்சை அப்படியே இருந்தது. கிளிப் பச்சைத் துண்டு முழு நீலமாகியிருந்தது, கிளிப்பின் அடியில் மறைந்திருந்த இரண்டு சிறு கட்டங்கள் மட்டும் இன்னும் பச்சை.