துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது, வீச்சு ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

மைதானத்தில் ஓடத் தயாராக நிற்கும் பதினேழு வயது மாணவர் ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 90, 100 என்று வரலாம். இன்னும் ஓர் அடிகூட ஓடவில்லை! ஓடப்போகிறோம் என்ற எதிர்பார்ப்பிலேயே மூளை, இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

ஓய்வில் அவருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் இடது கீழறையான இடது வெண்ட்ரிக்கிள் வெளியே தள்ளும் ரத்தம் சுமார் 70 மில்லி. இதுதான் வீச்சுக் கொள்ளளவு. இரண்டையும் பெருக்கினால் 4,900 மில்லி, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். இது இதய வெளியீடு.

சரி, மெதுவாக ஓடத் தொடங்குகிறார். துடிப்பு 120, வீச்சு 100 மில்லி. வெளியீடு 12 லிட்டர். வீச்சு கூடியதற்குக் கால்களுக்கும் பங்கு உண்டு. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளில் ஒருவழி வால்வுகள் இருப்பதால் ரத்தம் மேலே மட்டுமே போகும். இப்படி அதிக ரத்தம் வந்து நிரம்ப நிரம்ப, இதயச் சுவர் நன்றாக விரிகிறது. விரிந்த தசை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. அட்ரினலினும் சேர்ந்துகொள்ள, வழக்கமாக உள்ளே மிஞ்சும் ரத்தத்திலும் கொஞ்சம் வெளியேறுகிறது.

அப்புறம் முழு வேகம். துடிப்பு 195 ஆகிவிட்டது. வீச்சோ 105 மில்லியைத் தாண்டவில்லை. பயிற்சி இல்லாத பெரும்பாலானவர்களுக்கு, உடலின் உச்சத் திறனில் ஏறக்குறைய பாதியை எட்டும்போதே வீச்சு ஏறுவது நின்றுவிடும். காரணம் நேரம்தான். 70 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.86 விநாடி, அதில் பாதிக்கு மேல் இதயம் தளர்ந்து நிரம்புகிறது. 195 துடிப்பில் முழுச் சுற்றே 0.31 விநாடி, நிரம்பக் கிடைப்பது பத்தில் ஒரு விநாடியை ஒட்டிய நேரம். அடிபம்பை அவசர அவசரமாக அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் குறைவதுபோல இங்கேயும் ஆகியிருக்கும். வேகமாக வந்துசேரும் ரத்தமும் பலமான சுருக்கமும்தான் வீச்சைச் சரியவிடாமல் தாங்குகின்றன. ஆக, அவருடைய உச்ச வெளியீடு 20 லிட்டருக்குச் சற்று மேல். கடைசிக் கட்ட ஏற்றம் முழுக்கத் துடிப்பினால் வந்தது.

பல ஆண்டு பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரருக்கும் உச்சத் துடிப்பு இதைவிடப் பெரிதாக அதிகரிப்பதில்லை. அவருடைய வெண்ட்ரிக்கிள் பெரியது, வீச்சு 160 மில்லிக்கு மேலும் போகலாம். வெளியீடு 30 லிட்டரைத் தொடுவது அப்படித்தான். அதே காரணத்தால் ஓய்வில் அவருக்கு 50 துடிப்பே போதும்.

ஓடி முடித்ததும் நம் மாணவர் சட்டென்று அசையாமல் நின்றால் தலை சுற்றலாம். கால்களின் ரத்தக் குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கும், பிழிவதற்குத் தசை அசைவு இருக்காது. ரத்தம் கீழேயே தங்க, வீச்சு விழுந்து மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. “உட்காராதே, நட!” என்று பயிற்சியாளர் விரட்டுவது இதற்காகத்தான்.