கழுத்தில் ஒரு விரிசல்: நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவே

மொபைல் விளையாட்டுகளுக்குக் கேரக்டர் ரிக் செய்வது, அதாவது உருவத்துக்குள் அதை அசைக்கும் எலும்புகளைப் பொருத்துவதுதான் என் வேலை. எனக்கு வரும் புகார்களில் ஒன்று மட்டும் அடிக்கடி திரும்பி வருகிறது: "எடிட்டரில் நன்றாக இருக்கிறது, மொபைலில் தலையைத் திருப்பினால் கழுத்தில் ஒரு கோடு திறந்துகொள்கிறது." இதை முதல்முறை பார்த்தபோது இரண்டு நாள் அனிமேஷனில் தேடினேன். கோளாறு அங்கே இல்லை. மேற்பரப்பின் ஒரு புள்ளியை, அதாவது ஒரு வெர்டெக்ஸை, எத்தனை எலும்புகள் இழுக்கலாம் என்ற வரம்பில்தான் இருந்தது.

ஸ்கின்னிங்கில் ஒவ்வொரு வெர்டெக்ஸும் தன்னை இழுக்கும் எலும்புகளின் எண்களையும், ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்கிறது என்ற வெயிட்டையும் சுமந்து செல்கிறது. ஜிபியூவில் ஓடும் நிரலான ஷேடரில், வெர்டெக்ஸோடு வரும் ஒரு தரவுக்கு, அதாவது ஒரு அட்ரிபியூட்டுக்கு, நான்கு இடங்கள் உண்டு. அதனால் நான்கு எலும்பு எண்கள் ஒன்றிலும் நான்கு வெயிட்கள் இன்னொன்றிலும் அடங்கிவிடும். நான்கு என்ற எண் இவ்வளவு பரவலானதற்கு இது முக்கியக் காரணம். ஐந்தாவது எலும்பு வந்தால் இன்னும் இரண்டு அட்ரிபியூட் வேண்டும், எலும்பின் அசைவைச் சொல்லும் மேட்ரிக்ஸ்களையும் கூடுதலாகப் படிக்க வேண்டும். நிழல் வரையும் பாஸிலும் இதே கணக்கு இன்னொரு முறை நடப்பதால் செலவு இரட்டிக்கும்.

அந்தக் கேரக்டரில் தலை ஒரு மெஷ், உடல் ஒரு மெஷ். கழுத்தின் வளையத்தில் இரண்டு மெஷ்களின் வெர்டெக்ஸ்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன. ஆர்ட்டிஸ்ட் வெயிட்டை மென்மையாக்கும் பிரஷ்ஷால் பூசியிருந்ததால் சில வெர்டெக்ஸ்களில் ஐந்து, ஆறு எலும்புகள் சேர்ந்திருந்தன. யூனிட்டியில் இறக்கும்போது Rig பக்கத்தில் Skin Weights என்பதை Custom ஆக்கி, Max Bones/Vertex 8 என்று வைத்திருந்தோம். எடிட்டர் ஓடிய தர அளவில் Skin Weights என்பது Unlimited. ஆண்ட்ராய்டுக்கு ஒதுக்கிய தர அளவில் அதுவே 4 Bones. ஆக நாங்கள் பார்த்ததும் ஆடுகிறவர் பார்த்ததும் ஒரே கேரக்டர் இல்லை.

விரிசல் விட்ட இடத்தில் ஒரு ஜோடி வெர்டெக்ஸை எடுத்துப் பார்ப்போம். உடல் பக்கத்தில் மேல்முதுகு 0.34, கழுத்து 0.30, இடது காறை எலும்பு 0.14, வலது காறை 0.12, தலை 0.10. தலை மெஷ் பக்கத்தில் முதல் மூன்றும் அதேதான். வலது காறை 0.10, தலை 0.12. வித்தியாசம் வெறும் 0.02. இப்போது நான்குக்கு மேல் கூடாது என்றதும் சிறியது விழுகிறது. உடல் பக்கத்தில் தலை எலும்பு விழுந்தது, தலைப் பக்கத்தில் வலது காறை விழுந்தது. மீதியின் கூட்டுத்தொகை 0.90 என்பதால் அதை 1 ஆக்கச் சீர்செய்தபோது 0.12 என்பது 0.133 ஆனது. அதாவது ஒரு வெர்டெக்ஸ் தலையை 0.133 அளவுக்குப் பின்தொடர்கிறது, அதன் ஜோடி தலையைப் பின்தொடரவே இல்லை.

கழுத்து அசையாமல் தலை மட்டும் 60 பாகை திரும்புகிறது, வெர்டெக்ஸ் திரும்பும் அச்சிலிருந்து 7 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை எலும்போடு முழுதாகப் போனால் அது நேர்க்கோட்டில் 7 செ.மீ. நகரும். வெட்டுவதற்கு முன் இரண்டுக்கும் இடைவெளி 0.02 மடங்கு, சுமார் 1.4 மி.மீ.; மொபைல் திரையில் யார் கண்ணிலும் படாது. வெட்டிய பிறகு 0.133 மடங்கு, 9 மி.மீ.க்கும் மேல். கழுத்து வழியாகப் பின்னால் இருக்கும் சுவர் தெரிந்தது.

ஆகவே வெட்டுவதை இன்ஜினின் பொறுப்பில் விடாதீர்கள். ஆர்ட்டிஸ்ட் கண்முன்னே, மெஷ் உருவாகும் இடத்திலேயே வெட்ட வேண்டும். பிளெண்டரில் Weights மெனுவில் Limit Total என்பதை 4 என்று வைத்து ஓட்டுங்கள், அப்புறம் Normalize All. இந்த இரண்டும் முடிந்த பின்தான் உடலின் கழுத்து வளையத்து வெயிட்களை அப்படியே தலை மெஷ்ஷின் வளையத்துக்குப் பிரதி எடுக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய கதைதான்: பிரதி எடுத்த பிறகு யாராவது ஒரு பக்கத்தை மட்டும் மென்மையாக்கினால் அந்த 0.02 மறுபடி நுழைந்துவிடும். ஏற்றுமதிக்கு முன் இதை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்:

```python
import bpy
m = bpy.context.object.data
bad = [v.index for v in m.vertices
       if sum(g.weight > 0 for g in v.groups) > 4]
print(len(bad), bad[:10])
```

எலும்பு அல்லாத வெர்டெக்ஸ் குரூப்களையும் இது சேர்த்து எண்ணும். அப்படி ஏதும் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். வேண்டியது பூஜ்யம்.

சொந்தமாக இன்ஜின் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெட்டிவிட்டுச் சீர்செய்யாமல் விட்டால், மேலே சொன்ன வெர்டெக்ஸின் வெயிட் கூட்டுத்தொகை 0.90-லேயே நிற்கும். கேரக்டர் அசையாமல் நிற்கும்போதே 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டிய புள்ளி 1.35 மீட்டருக்கு இறங்கிவிடும். உடல் எங்கோ காலடியை நோக்கிச் சுருங்குவதுபோல் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெயிட்டை ஒரு பைட்டில் அடைக்கும்போதும் இதே நோய் சிறிய அளவில் வரும். நான்கு எண்களையும் தனித்தனியாக முழு எண்ணாக்கினால் கூட்டுத்தொகை 255 வராமல் 254 அல்லது 256 வரலாம். 1.5 மீட்டரில் அது ஏறக்குறைய 6 மி.மீ. மிச்சத்தை மிகப் பெரிய வெயிட்டில் சேர்த்தோ கழித்தோ சரிசெய்துவிட்டால் போதும்.

மொத்த எலும்புகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. மொபைல் கிராஃபிக்ஸ் தரமான ஓபன்ஜிஎல் இஎஸ் 3.0, வெர்டெக்ஸ் ஷேடருக்கு உறுதி தரும் சாதாரண யூனிஃபார்ம் இடம், அதாவது எல்லா வெர்டெக்ஸுக்கும் பொதுவான தரவை வைக்கும் இடம், குறைந்தது 256 வெக்டர்கள், 2.0-இல் 128 தான். ஒரு எலும்பின் மேட்ரிக்ஸைச் சுருக்கி வைத்தால் மூன்று வெக்டர். கேமரா போன்றவற்றுக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் 75 எலும்புகளுக்கு 225 போய்விடும், அதற்கு மேல் அதிகம் மிஞ்சாது. அன்ரியலின் பழைய மொபைல் பதிப்புகளில் 75 என்ற எண்ணைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். யூனிஃபார்ம் பிளாக்கில் வைத்தால் 3.0 உறுதி தருவது குறைந்தது 16384 பைட். எலும்புக்கு 48 பைட் வீதம் 341 எலும்புகள் கொள்ளும். ஆனால் எலும்பு எண்ணை ஒரு பைட்டில் வைத்திருந்தால் 256-க்கு மேல் சொல்லவே முடியாது.

இந்த வரம்பு எலும்புக்கூடு முழுவதற்கும் இல்லை, ஒரே தடவையில் வரையப்படும் மெஷ் பகுதிக்குத்தான். எங்கள் இன்னொரு கேரக்டரில் 118 எலும்புகள்: பாவாடைக்கு 24, கூந்தலுக்கு 22, விரல்களுக்கு 30, மீதி உடலும் முகமும். உடல் மெஷ் 75-க்குள் அடங்காததால் இன்ஜின் அதைத் தானாகவே இரண்டு பகுதிகளாக உடைத்தது. படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் ஜிபியூவுக்கு இடும் வரைவுக் கட்டளையான டிரா கால் ஒன்று இரண்டானது, உடைந்த எல்லையில் வெர்டெக்ஸ்கள் இரட்டித்தன. திரையில் பத்துப் பேர் நின்றபோதுதான் ஃபிரேம் நேரத்தில் அது தெரிந்தது. கூந்தலையும் பாவாடையையும் எப்படியும் தனி மெட்டீரியலாக வரைந்துகொண்டிருந்தோம். அவற்றின் எலும்புகளில் நான்கைந்து உடல் மெஷ்ஷின் இடுப்பிலும் பிடரியிலும் 0.01 அளவில் கசிந்திருந்ததால்தான் உடல் பகுதி 75-ஐத் தாண்டியது. 0.02-க்குக் கீழான வெயிட்களைத் துடைத்ததும் உடல் 72 எலும்புகளில் நின்றது, பிளவு போனது.