இலக்கணம் சரி, பதில் மட்டும் வரவில்லை

அலுவலக மின்னஞ்சல்களைத் திருத்துவதும், எழுதப் பயிற்சி கொடுப்பதும் என் தொழில். "ஒரு நல்ல ஆங்கில இலக்கணப் புத்தகம் சொல்லுங்கள்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அண்மையில் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத்தான். பெரும்பாலும் அவற்றில் இலக்கணப் பிழையே இருப்பதில்லை. சென்ற வாரம் ஒரு மேலாளர் இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். நோய் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

"நிலுவைத் தொகை விவரங்களின் சரிபார்ப்பு நிறைவடையாத நிலையில், புதிய ஒப்பந்தத்திற்கான ஒப்புதல் வழங்கப்படுவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. எனவே உரிய நடவடிக்கை விரைந்து எடுக்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

பல பேருக்குப் போன கடிதம் இது. ஒருவரும் அசையவில்லை. அவர் செய்த காரியம், தடித்த இலக்கண நூல் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியது!

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இலக்கண நூல் வாக்கியம் சரியா தவறா என்று சொல்லும். படிப்பவருக்கு அது புரியுமா, அவர் எழுந்து வேலை செய்வாரா என்பது அதன் பொறுப்பு அல்ல. மேலே உள்ள கடிதத்தை எந்த இலக்கண ஆசிரியரிடம் கொடுத்தாலும் முழு மதிப்பெண் போடுவார். அதில் ஆள் இல்லை, அவ்வளவுதான். யார் சரிபார்க்க வேண்டும், யார் ஒப்புதல் தர வேண்டும், எப்போதைக்குள்? ஒன்றுக்கும் விடை இல்லை. பெயர் இல்லாத வேலை பெயர் இல்லாமலே கிடந்தது.

இந்த நோய்க்கு நான் கொடுக்கும் நூல் ஜோசப் வில்லியம்ஸ் எழுதிய 'ஸ்டைல்: டென் லெசன்ஸ் இன் கிளாரிட்டி அண்ட் கிரேஸ்'. முதற்பதிப்பு 1981. அதன் அடிப்படை எளிது: செயலைச் செய்பவர் எழுவாயாக வரட்டும், செயல் வினையாக வரட்டும். மேலாளரின் கடிதத்தில் சரிபார்ப்பு, ஒப்புதல், தாமதம், நடவடிக்கை என்ற பெயர்ச்சொற்களின் அடியில் கோடு போடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் வினையாக்கி 'யார்?' என்று கேட்டோம். கிடைத்தது இது:

"கணக்குப் பிரிவு நிலுவைத் தொகையை இன்னும் சரிபார்க்கவில்லை. அதனால் புதிய ஒப்பந்தத்துக்கு என்னால் ஒப்புதல் தர முடியவில்லை. கணக்குப் பிரிவினர் வியாழக்கிழமை மாலைக்குள் சரிபார்த்து எனக்கு எழுதுங்கள்."

எழுதி முடித்ததும் அவருக்கே இன்னொன்று புரிந்தது. பெறுநர் பட்டியலில் கணக்குப் பிரிவைத் தவிர மற்றவர்களுக்கு இதில் வேலையே இல்லை.

இதைக் கேட்டுவிட்டு 'செயப்பாட்டு வினையே கூடாது' என்று கிளம்பிவிடாதீர்கள். "உங்கள் பணம் பெறப்பட்டது" என்பதில் பெற்றவர் யார் என்று யாருக்கும் கவலை இல்லை, அப்படியே இருக்கட்டும். வில்லியம்ஸும் அதற்கு இடம் கொடுக்கிறார். செயப்பாட்டு வினையைக் கண்டாலே விரட்டும் கூட்டம் அடிக்கடி நீட்டுவது ஸ்ட்ரங்க், வொயிட் இருவரின் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலை. கையடக்கமானது, சுருக்கமாக எழுதப் பழக்கும். ஆனால் செய்வினையைப் பற்றிய பகுதியில், திருத்த வேண்டியவை என்று அது காட்டும் நான்கு வாக்கியங்களில் ஒன்றுதான் உண்மையான செயப்பாட்டு வினை. அந்தப் பகுதியை வேதமாக்காதீர்கள்.

மறுமொழி எழுதுவதே பிழைப்பாக இருப்பவர்களுக்கு எர்னஸ்ட் கோவர்ஸின் 'தி கம்ப்ளீட் பிளெயின் வேர்ட்ஸ்'. பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டதால் அரசு ஊழியர்களுக்காக 1948-இல் அவர் எழுதிய சிறு நூல், 1954-இல் இந்த வடிவம் பெற்றது. எடுத்துக்காட்டுகள் பழையவை, கடிதம் வாங்குபவரின் இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் பழையதாகவில்லை.

உண்மையிலேயே இலக்கணத்தில் தடுமாறுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்': இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. தயவுசெய்து முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். பின்பகுதியில் எந்தப் பாடம் உங்களுக்குத் தேவை என்று சோதித்துக்கொள்ள வினாக்கள் இருக்கின்றன. தவறியவற்றை மட்டும் படியுங்கள். மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' சந்தேகம் வரும்போது புரட்டுவதற்கு. அகராதியை யாராவது கதைபோல் படிப்பார்களா?

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அனுப்பிய பெட்டியைத் திறந்து, "இதில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று திரும்பக் கேட்கப்பட்ட மின்னஞ்சல்களைத் தனியே எடுங்கள். அவற்றில் ஆள் காணாமல் போயிருந்தால் வில்லியம்ஸ். காலமும் முன்னிடைச்சொல்லும் தடுமாறியிருந்தால் மர்ஃபி. இரண்டும் சரியாக இருந்தும் கேள்வி வந்திருந்தால், கேட்க வேண்டியதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருப்பீர்கள். அதை முதல் வரிக்குக் கொண்டுவர எந்தப் புத்தகமும் வாங்க வேண்டாம்.