மூலை மட்டமா? குறுக்களவு எடுத்துப் பாருங்கள்

கூடத்தில் டைல்ஸ் ஒட்டி முடிக்கும்போது கடைசி வரிசை ஒரு முனையில் 6 அங்குலம், மறுமுனையில் 2 அங்குலம் என்று வந்தால் திட்டு டைல்ஸ்காரருக்கு விழும். பெரும்பாலும் அவர் மேல் குற்றமில்லை. வானம் தோண்டுவதற்கு முன் மார்க்கிங் போட்ட அன்றே மூலை விலகியிருக்கும்.

30 அடி முகப்பு, 40 அடி நீளமுள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். முதலில் சாலைப் பக்கம் 30 அடிக்கு முளை அடித்து, முளைத் தலையில் ஆணி வைத்து நூல் கட்டுகிறார் மேஸ்திரி. ஒரு ஆணியிலிருந்து அந்த நூலில் 3 அடியில் ஒரு குறி, பக்கவாட்டு நூலில் 4 அடியில் ஒரு குறி. இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வரும்வரை பக்க நூலை இப்படியும் அப்படியும் நகர்த்துகிறார். 9-உம் 16-உம் சேர்ந்தால் 25. பிதாகரஸ் கணக்குப்படி அந்த மூலை 90 பாகை. 5-க்கு மேல் போனால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

கணக்கு சரிதான், ஆனால் முக்கோணம் ரொம்பச் சின்னது. அந்த 5 அடியில் கால் அங்குலம் பிசகினால் 4 அடிக் குறி ஏறத்தாழ 0.4 அங்குலம் பக்கவாட்டில் விலகும். அதே நூல் 40 அடி ஓடும்போது விலகலும் பத்து மடங்காகி, பின்பக்க மூலையில் 4 அங்குலம் ஆகிவிடும். 12-16-20 அடி என்று எடுத்தால் அதே கால் அங்குலப் பிசகு பின்னால் 1 அங்குலத்தோடு நின்றுவிடும். அதனால் டேப் எட்டும் வரை பெரிய முக்கோணமாகப் போடுவது நல்லது.

நான்கு முளையும் நின்றபின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்களவு பார்க்க வேண்டும். நம் வீட்டுக்கு இரண்டு குறுக்கும் 50 அடி வர வேண்டும். ஒன்று 50 அடி 1 அங்குலம், மற்றது 49 அடி 11 அங்குலம் என்று வருகிறதா? முகப்பைத் தொட வேண்டாம். பின்பக்க முளைகள் இரண்டையும், நீளமான குறுக்கு குறையும் பக்கமாக, ஒன்றுபோல 1¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்த்தினால் போதும். குறுக்கு நூல் சாய்வாகப் போவதால், முளை 1 அங்குலம் நகர்ந்தால் குறுக்களவு 0.6 அங்குலம்தான் மாறும்.

இதில் ஒரு பொறி உண்டு. முகப்பு 30 அடி, பின்பக்கம் 29½ அடி என்று இருந்தாலும் இரண்டு குறுக்கும் சமமாக வரலாம். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களை அளந்த பிறகே குறுக்கை நம்பலாம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி நூல் பிடிப்பதும் வேண்டாம். அந்தச் சுவரே கோணலாக இருக்கலாம். மனை சரிவாக இருந்தால் டேப்பைத் தரையோடு கிடத்தாமல் மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளியை இறக்க வேண்டும். 40 அடியில் 2 அடி சரிவுக்கே அரை அங்குலத்துக்கு மேல் ஏமாற்றும்.

தோண்டும்போது மூலை முளைகள் மண்ணோடு போய்விடும். அதற்காகத்தான் ஒவ்வொரு நூலையும் 3 அடி வெளியே நீட்டி வேறு முளையில் கட்டி வைப்பது. காங்கிரீட் போடுமுன் அந்த நூல்களை மறுபடி இழுத்து, குறுக்கை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.